அது எந்தத் தொட்டித் தண்ணீர்?

திருப்பூர் ஜம்மனை ஓடையிலோ நல்லாற்றிலோ ஒரு நாள் காலையில் தண்ணீர் சிவப்பாக ஓடினால், கரையோரம் குடியிருப்பவர்கள் முதலில் கேட்பது "எந்தப் பட்டறைக்காரன் தொறந்து விட்டான்?" என்பதுதான். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறியாளர் ஜீப்பிலிருந்து இறங்கியதும் வேறு ஒன்றைத் தேடுகிறார். இது எந்தத் தொட்டித் தண்ணீர்? சாய மெஷினிலிருந்து நேராக வந்ததா, கழிவு சேரும் தொட்டி நிரம்பி வழிந்ததா, சுத்திகரிப்பின் கடைசியில் மிஞ்சும் உப்புக் கரைசலா? இதற்கு விடை தெரிந்துவிட்டால், யார் விட்டது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். தவறி வழிந்ததா, வேண்டுமென்றே விட்டதா என்ற வழக்கிலும் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கு வாரியம் தரும் இசைவாணையில் கழிவுநீருக்கு வெளியேறும் வழியே கிடையாது. சுத்திகரித்து விடலாம் என்றுகூட இல்லை. ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. நொய்யலின் கதைதான் இதற்குக் காரணம். சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த அணை, ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களுக்குப் பாசனம் தருவதற்கானது. தேங்கியதோ சாயக்கழிவு. அணை கேட்டுப் போராடுகிற விவசாயிகளைப் பார்த்திருக்கிறோம்; இங்கே அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கழிவு வெளியேற்றம் முற்றிலும் நிற்க வேண்டும் என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றமும் பட்டறைகளுக்குக் கெடு வைத்தது. கெடு தாண்டியும் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள், சலவைப்பட்டறைகள், பொது சுத்திகரிப்பு நிலையங்கள் எல்லாவற்றையும் மூடி, மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. பிறகு திறந்தவை எல்லாம், வெளியேற்றமே இல்லை என்ற நிபந்தனையை ஏற்றுத்தான் திறந்தன. அதனால்தான் இந்த ஊரில் சாக்கடையில் விழும் ஒரு குடம் சாயத்தண்ணீரும் வாரியத்துக்குப் போக வேண்டிய சேதியாகிறது.

அந்தத் தண்ணீரில் என்னதான் இருக்கிறது? பனியன் துணிக்கு அடர்த்தியான சிவப்பு ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். 500 கிலோ துணி, ஒரு கிலோவுக்கு 8 லிட்டர் கணக்கில் 4,000 லிட்டர் தண்ணீர். துணியின் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு சாயம் என்றால் 20 கிலோ. பருத்தியில் சாயம் தானாக ஏறாது. அதைத் துணியை நோக்கித் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் என்றால் 240 கிலோ. ஏறிய சாயத்தை நூலோடு பிணைக்கச் சோடா, லிட்டருக்கு 20 கிராம், அதாவது 80 கிலோ. உப்பும் சோடாவும் துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சாயத்தில் மட்டும் முக்கால் பங்கு துணியில் பிடித்துக்கொள்ளும். மீதி சுமார் 5 கிலோ, துணிக்குப் பதிலாகத் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகி, வடிகாலைப் பார்க்கப் புறப்படும்.

இந்த 5 கிலோ சாயத்தையும் 320 கிலோ உப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சாயம் இருந்தாலே பல நிறங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்படியென்றால் 5 கிலோ சாயம் 50 லட்சம் லிட்டர் தண்ணீரை நிறம் மாற்றிக் காட்டும். உப்புக்கோ நிறமில்லை. ஆற்றில் விடும் கழிவில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது பொதுவான வரம்பு. அந்த 320 கிலோவை இந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய, உப்பே இல்லாத தண்ணீராக இருந்தால், ஒன்றரை லட்சம் லிட்டர் போதும். ஆக, கண் பார்த்துப் பதறுவது சாயத்தைப் பார்த்து. மண்ணும் கிணறும் தாங்குவது உப்பை.

இன்னொன்றும் இருக்கிறது. சாக்கடையில் போகும் சாயம் சில மைல்களில் வெளுத்துப்போவதைப் பார்த்து, கரைந்து போய்விட்டது என்று ஆறுதல் கொள்பவர்கள் உண்டு. காற்றில்லாத சாக்கடைச் சேற்றில் நுண்ணுயிரிகள் அசோ வகைச் சாயங்களின் பிணைப்பை உடைக்கும், நிறம் போகும். உடைந்த துண்டுகளான அமீன்கள் அங்கேயே இருக்கும். அவற்றில் சில, சாயத்தைவிடத் தொல்லையானவை. உப்பு மட்டும் உடையாது, ஆவியாகாது, எந்த நுண்ணுயிரியும் அதைத் தின்னாது. ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே தென்னையும் கிணறும் கெட்டது ஏதோ ஒரு இரவு உடைந்த தொட்டியால் அல்ல. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் வந்து சேர்ந்த உப்பால். ஒரு தடவை வழிந்ததை மட்டும் வைத்து ஆறு செத்தது என்று எழுதுவது மிகை. அந்த ஒரு தடவை உண்மையிலேயே ஒரு தடவைதானா என்று பார்ப்பதுதான் விசாரணை.

எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். பட்டறை கற்பனையானது, நடப்பது இந்தத் தொழிலில் நடக்கிற மாதிரியேதான். நடுத்தர அளவுப் பட்டறை, நாளுக்கு மூன்று டன் துணி. மெஷின்களிலிருந்து வடியும் தண்ணீரெல்லாம் 60,000 லிட்டர் கொள்ளும் சேகரிப்புத் தொட்டியில் விழுந்து கலக்கும். அங்கிருந்து ஒரு பம்பு அதைக் குழாய் வழியாகப் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளும். குழாயின் வாயில் ஓட்டமானி. எத்தனை லிட்டர் போனது என்று நேரத்தோடு பதிந்துகொண்டே இருக்கும்.

இரவு 1.40க்கு மின்சாரம் போகிறது. பத்து நிமிடத்தில் ஜெனரேட்டர் எடுத்து மெஷின்கள் ஓடத் தொடங்குகின்றன. பம்பு ஓடவில்லை. மின்சாரம் போனால் அதன் ஸ்டார்ட்டர் விழுந்துவிடும். யாராவது போய்ப் பட்டனை அமுக்கினால்தான் மறுபடி எடுக்கும். அமுக்க வேண்டியவர் மெஷின் பக்கம் இருந்தார். தொட்டி நிறைந்து, விளிம்பு தாண்டி, பட்டறை முற்றத்தின் மழைநீர்க் கால்வாயில் இறங்கி, அதன் வழியே சாலையோரப் பொதுச் சாக்கடையில் விழுந்தது. 4.10க்கு வாட்ச்மேன் பார்த்தார். மேலாளர் முதலாளிக்குப் போன் செய்தார்.

"அண்ணா, தொட்டி வழிஞ்சு ரோட்டுச் சாக்கடைக்குப் போயிருச்சுங்க."

"எவ்ளோ நேரமாப் போகுது?"

"தெரியலீங்க. பம்பு நின்னுருக்குதுங்க. ஒரு அஞ்சாயிரம் லிட்டர் போயிருக்குமுங்க."

இந்த இடத்தில் பட்டறைகள் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, குழாயை எடுத்துத் தண்ணீர் பீய்ச்சிச் சாக்கடையைக் கழுவுவது. தேங்கி நின்று அள்ளக் கிடைத்திருக்கும் கழிவும் அதோடு ஓடைக்குப் போய்விடும். இரண்டாவது, பிளீச்சிங் பவுடரையோ ஹைப்போவையோ கொட்டுவது. சலவையும் சாயமும் அடுத்தடுத்து நடக்கும் ஊர் என்பதால் ஹைப்போ எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கொட்டினால் நிறம் உடனே வெளுக்கும். உப்பு குறையாது, கூடும். குளோரின் சேர்ந்த புதுச் சேர்மங்களும் உண்டாகும். போதாததற்கு, சாக்கடையில் குளோரின் வாடை அடித்தால் வருகிற அதிகாரிக்கு அது மறைக்கப் பார்த்ததன் அடையாளமாகத்தான் தெரியும்.

நம் பட்டறையில் நடந்தது இது. முதலில் எந்த மெஷினையும் வடிக்காதே என்று நிறுத்தினார்கள். பம்பை எடுத்தார்கள். மழைநீர்க் கால்வாயின் வாயை மணல் மூட்டையால் அடைத்தார்கள். சாலையில் இருநூறு அடி தள்ளி, ஒரு சிறுபாலத்துக்கு அடியில் சாக்கடையிலும் மூட்டைகளைப் போட்டுத் தேக்கினார்கள். தேங்கியதை உறிஞ்ச டேங்கர் லாரிக்குச் சொன்னார்கள். 4.35க்கு முதலாளியே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் போன் செய்தார், மாநகராட்சிக்கும் சொன்னார். விடியுமுன் அதையே மின்னஞ்சலிலும் எழுதினார்.

போன் செய்தது அவருடைய பெருந்தன்மை அல்ல, சட்டம் சுமத்திய கடமை. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, விபத்தாலோ எதிர்பாராத வேறு நிகழ்வாலோ மாசுபடுத்தும் பொருள் ஓடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ கலந்தால், கலக்கும் நிலை வந்தால்கூட, அந்த இடத்துக்குப் பொறுப்பானவர் உடனடியாக வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இத்தனை மணி நேரத்துக்குள் என்று அவகாசம் எதுவும் இல்லை. ஊர்க்காரர் புகார் செய்து அதிகாரி வந்து நிற்கும்போது "இப்பத்தான் உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தோமுங்க" என்று சொல்வது செல்லாது என்பதற்கு இதுவே போதும். தகவல் வந்ததும் வாரியமே கழிவைத் தடுக்கவும் அகற்றவும் அவசர நடவடிக்கை எடுக்கலாம் என்பது அடுத்த பிரிவு. தானாக முன்வந்து சொன்னவருக்கு மன்னிப்பு உண்டு என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் தெரிவித்த நேரம் ஒரு சான்றாக நிற்கிறது. 4.10க்குப் பார்த்து 4.35க்குச் சொன்னவரின் கதையை நம்புவது, 9 மணிக்குச் சொன்னவரின் கதையை நம்புவதைவிட எளிது.

பொறியாளர் 5.45க்கு வந்தார். அவர் செய்யும் முதல் வேலை கேள்வி கேட்பதல்ல, தண்ணீர் எடுப்பது. கழிவு காத்திருக்காது. விளக்கமோ பத்து மணி வரைக்கும் காத்திருக்கும்.

எங்கே எடுப்பது என்பதில்தான் தொழில் தெரியும். மூட்டைக்குப் பின்னால் தேங்கியதில் ஒன்று. கழிவு விழுந்த இடத்துக்கு மேலே, அது தொடாத சாக்கடையில் ஒன்று. பட்டறைத் தொட்டியில் ஒன்று. கீழே, ஓடையில் கலக்கும் இடத்தில் ஒன்று. பலர் மறந்துவிடுவது இரண்டாவதைத்தான். திருப்பூரில் நிலத்தடி நீரே பல இடங்களில் உப்பேறியது. அதைக் குளித்துத் துவைத்து விடும் வீட்டுச் சாக்கடையிலும் கரைந்த உப்பு லிட்டருக்கு ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். மேலே எவ்வளவு இருந்தது என்று தெரியாமல், கீழே இருப்பதை ஒரு பட்டறையின் தலையில் கட்ட முடியாது. மேலே இன்னொருவர் விட்டதும் அதில் கலந்திருக்கலாம்.

வெப்பத்தையும் காரத்தன்மையையும் அங்கேயே அளந்துவிட வேண்டும்; ஆய்வகம் போய்ச் சேர்வதற்குள் இரண்டும் மாறிவிடும். ரசாயன ஆக்சிஜன் தேவை பார்ப்பதற்கான பாட்டிலில் அமிலம் விட்டுக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். வழக்கு வரை போகக்கூடிய மாதிரி என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆய்வுக்கு எடுக்கிறோம் என்று பட்டறைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, இரண்டு கலத்துக்கும் முத்திரை வைத்து, இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்பது 21ஆவது பிரிவு. அவர் கேட்டால் இரண்டாவது கலம் சட்டத்தில் குறித்த இன்னொரு ஆய்வகத்துக்குப் போகும். இந்த முறை தவறினால் நீதிமன்றத்தில் அந்த ஆய்வு முடிவுக்கு மதிப்பில்லை. ஊர்க்காரர் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கும் மாதிரி அதிகாரியை ஓடிவர வைக்கும், சான்றாக நிற்காது.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். மூன்று தொட்டிகளின் தண்ணீரும் மூன்று விதமாகப் பேசும். சாய மெஷினிலிருந்து நேராக வந்தது சூடாக இருக்கும், ஒரே நிறமாக இருக்கும், காரக் குறியீடு 10.5, 11 என்று காட்டும், கரைந்த உப்பு லிட்டருக்கு அறுபது எழுபது ஆயிரம் மில்லிகிராமில் நிற்கும். சேகரிப்புத் தொட்டியில் சாயம், சலவை, சோப்புத் தண்ணீர் எல்லாம் கலந்துவிடுவதால் நிறம் கருநீலமும் பழுப்பும் சேர்ந்த ஒரு கலங்கலாக இருக்கும், உப்பு ஆறேழாயிரம். சுத்திகரிப்பின் கடைசியில் சவ்வூடு பரவலில் ஒதுக்கப்படும் கரைசலில் உப்பு பல்லாயிரம் இருக்கும், நிறமோ தேயிலைத் தண்ணீர் போல மங்கல், சூடும் இருக்காது. இந்த மூன்றாவதைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். அதை ஆவியாக்கி உப்பாக்குவதுதான் மொத்தச் சுத்திகரிப்பிலும் செலவு பிடித்த வேலை. நிறமில்லாததால் சாக்கடையில் விட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிவப்பாக ஓடுவதற்கு ஊர் கூடும். ஒதுக்குக் கரைசல் ஓடினால் ஒரு போன்கூடப் போகாது.

நம் இரவில், தேங்கிய தண்ணீரில் கரைந்த உப்பு 4,200. மேலே சாக்கடையில் 1,400. பட்டறைத் தொட்டியில் 7,100. தொட்டித் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் சரிபாதி கலந்தால் 4,250 வரும். கணக்கு பொருந்துகிறது, வந்தது சேகரிப்புத் தொட்டித் தண்ணீர்தான், மெஷினிலிருந்து நேராக அல்ல. ஆய்வக முடிவு இதை இன்னும் இறுக்கும். சில பட்டறைகள் சாதாரண உப்பு போடும், சில கிளாபர் உப்பு போடும். முன்னதில் குளோரைடு ஏறும், பின்னதில் சல்பேட் ஏறும். இந்தப் பட்டறை கிளாபர் உப்பு வாங்கிய ரசீது இருக்கிறது, சாக்கடை மாதிரியிலும் சல்பேட்தான் எகிறியிருக்கிறது என்றால், பக்கத்துப் பட்டறை மீது பழி போட இடமில்லை.

எவ்வளவு போனது என்பதை மேலாளரின் கண் சொல்லாது. விளிம்பில் மெலிதாக வழிவதைப் பார்ப்பவருக்கு அது எப்போதும் கொஞ்சமாகவே தெரியும். பட்டறையில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு அட்டை உண்டு; எந்த மெஷின் எத்தனை மணிக்கு வடித்தது என்று அதில் எழுதியிருக்கும். பம்பு நின்ற இரண்டரை மணி நேரத்தில் மூன்று மெஷின்கள் தலா மூன்று முறை வடித்திருக்கின்றன. ஒரு வடிப்புக்கு 4,000 லிட்டர், மொத்தம் 36,000. பம்பு நின்றபோது தொட்டியில் 45,000 லிட்டர் இருந்தது, இடம் 15,000க்குத்தான். ஆக, வழிந்தது 21,000 லிட்டர். ஐயாயிரம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, அளக்கவில்லை. அதில் ஏறக்குறைய 150 கிலோ உப்பு. டேங்கர் உறிஞ்சியது 12,000 லிட்டர், அதில் பாதிதான் கழிவு. சுமார் 43 கிலோ உப்பு திரும்பி வந்தது. மீதி நூற்றுச் சொச்சம் கிலோ ஓடைக்குப் போய்விட்டது. அதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

இதுவரை அந்த இரவின் கணக்கு. அதிகாரி அடுத்து எடுப்பது மாதக் கணக்கு. அது கடுமையானது. ஒரு கிலோ துணிக்கு இந்தப் பட்டறை சுமார் 50 லிட்டர் தண்ணீர் செலவழிக்கிறது என்றால், மூன்று டன்னுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் கழிவு ஓட்டமானியைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். துணி காய்வதில் கொஞ்சம் ஆவியாகும், தரை கழுவியது கொஞ்சம் கூடும். பத்து விழுக்காடு இப்படி அப்படி இருக்கலாம். ஓட்டமானியோ மாதக்கணக்காக ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தையே காட்டினால், நாள்தோறும் நாற்பதாயிரம் லிட்டர் எங்கே போனது? துணி அனுப்பிய பில், லாரித் தண்ணீர் வாங்கிய சீட்டு, சுத்திகரிப்பு நிலையம் பட்டறைக்குத் திருப்பி அனுப்பிய நல்ல தண்ணீரின் அளவு, பம்பின் மின் கணக்கு, இந்த நான்கையும் ஒன்றாக வைத்தால் விடை வெளியே வந்துவிடும். பொது நிலையத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு லிட்டருக்கும் பட்டறை காசு கட்டுகிறது. வழிந்து போன லிட்டருக்குக் கட்டுவதில்லை. விபத்து என்ற சொல்லைக் கேட்டதும் அதிகாரியின் புருவம் உயர்வதற்கு இந்தக் காசுக் கணக்கே காரணம்.

மழை இரவுகளில் வரும் விபத்துகளுக்குத் தனிக் கவனம் உண்டு. உண்மையிலேயே மழையில் தொட்டிகள் வழியும். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துக் கட்டிய பட்டறைகளில் அது தவிர்க்க முடியாதது. மழையை நம்பித் திறந்துவிடுவதும் உண்டு. வெள்ளத்தில் நிறம் தெரியாது, நுரை மட்டும் மறுநாள் நொய்யல் தடுப்பணைகளில் நிற்கும். இரண்டையும் பிரிப்பது தொட்டி மட்டத்தின் பதிவேடு. மழைக்கு வழிந்த தொட்டி நிறைந்த நிலையில் இருக்கும். திறந்துவிட்ட தொட்டி காலையில் பாதிக்குக் கீழே இருக்கும்.

நம் பட்டறையின் மாதக் கணக்கு பொருந்தியது. பதிவேடுகளும் பொருந்தின. விபத்து என்று ஏற்றுக்கொண்டாயிற்று. பிறகு என்ன?

மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த இழப்பீட்டு முறை ஒன்று இருக்கிறது. தொழிலின் மாசு வகைக்கு ஒரு எண். சாயப்பட்டறை சிவப்பு வகை என்பதால் 80. அதை விதிமீறல் நடந்த நாட்களாலும், 250 ரூபாய் என்ற அடிப்படைத் தொகையாலும், பட்டறையின் அளவுக்கான எண்ணாலும், ஊரின் மக்கள்தொகைக்கான எண்ணாலும் பெருக்க வேண்டும். நடுத்தரப் பட்டறை, பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை, ஒரே நாள் என்றால் இந்த மூன்றுக்கும் எண் ஒன்று, ஒன்று, ஒன்று. விடை 20,000 ரூபாய். பட்டறை ஒரு பேட்ச் துணிக்கு வாங்கும் கூலியோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை என்பது என் எண்ணம். அதே வழிகாட்டுதல், குறுகிய நேரத்தில் நடந்து சேதம் விளைவித்த விபத்து வெளியேற்றத்தைத் தனி வகையாக வைக்கிறது: உடனடி நிவாரணம் ஒரு பங்கு, கெட்டதைச் சீர்செய்யும் நீண்ட காலச் செலவு இன்னொரு பங்கு. கீழே யாருடைய கிணறு கெட்டது என்று காட்ட முடிந்தால் தொகை பல மடங்காகும். நூறு கிலோ உப்பு எந்தக் கிணற்றில் போய்ச் சேர்ந்தது என்று காட்டுவது, முன்பே உப்பேறிய ஊரில், ஏறக்குறைய முடியாத காரியம்.

பட்டறைக்காரர்கள் உண்மையில் அஞ்சுவது 33ஏ பிரிவுக்குத்தான். மூடச் சொல்லவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லவும் வாரியத்துக்கு அது அதிகாரம் தருகிறது. ஏற்றுமதி ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நாள் மின்சாரம் இல்லாமல் நிற்பதற்கு முன்னால் 20,000 ரூபாய் ஒன்றுமே இல்லை. வாரியத்தின் இந்த உத்தரவை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதுவரை மெஷின் ஓடாது.

முதல் முறை, தானே சொன்னவர், கணக்கு பொருந்தியது என்ற நிலையில் பெரும்பாலும் எதிர்பார்க்கக்கூடியது விளக்கம் கேட்கும் நோட்டீஸும், இழப்பீடும், குறித்த நாளுக்குள் செய்து முடிக்க வேண்டிய வேலைகளும்தான். இந்தப் பட்டறைக்கு அவை ஐந்து. பம்பு ஜெனரேட்டரில் தானாக எடுக்க வேண்டும். பக்கத்தில் மாற்றுப் பம்பு ஒன்று நிற்க வேண்டும். தொட்டி முக்கால் நிறைந்ததும் அலறும் மிதவை அலாரம் வேண்டும். தொட்டி மட்டம் குறித்த அளவைத் தாண்டினால் மெஷின்களின் வடிகால் வால்வு திறக்காதபடி பூட்டு வேண்டும். தொட்டியைச் சுற்றி ஒரு வரப்புச் சுவர் எழுப்பி, வழிவது எதுவானாலும் முற்றத்து மழைநீர்க் கால்வாயில் இறங்காமல் தொட்டிக்கே திரும்பும்படி தரையைச் சாய்க்க வேண்டும். மிதவைக்கு ஆகும் செலவு சில ஆயிரம். மேலாளர் சண்டை போடப்போவது நான்காவதற்கு. சாயம் ஏறி முடிந்த துணி, வடிக்க முடியாமல் மெஷினுக்குள்ளேயே நின்றால் ஷேடு மாறிப்போகும், 500 கிலோ துணி வீண் என்பார். அவர் சொல்வது சரி. அந்தப் பூட்டு இருந்திருந்தால் அன்றிரவு மூன்று மெஷின் துணி போயிருக்கும், சாக்கடைக்கு எதுவும் போயிருக்காது. மிதவை அலாரம் மட்டும் இருந்திருந்தால், ஆள் இரண்டே நிமிடத்தில் வந்து பட்டனை அமுக்கியிருப்பார், இரண்டும் தப்பியிருக்கும்.

கரையோரம் நின்று பார்க்கிறவர்கள் புகார் செய்யும்போது படத்தில் நிறத்தை மட்டும் பிடித்து அனுப்புகிறார்கள். அதோடு எத்தனை மணிக்குப் பார்த்தது, சாக்கடையில் மேல்நோக்கி நடந்தால் நிறம் எந்த இடத்தில் தொடங்குகிறது, அதற்கு மேலே தண்ணீர் எப்படி இருந்தது, ஆவி பறந்ததா, குளோரின் வாடை அடித்ததா என்று சேர்த்துச் சொன்னால் அதிகாரிக்கு நேராகப் போய் நிற்க ஓர் இடம் கிடைக்கும். ஆனால் தண்ணீரில் கை வைக்க வேண்டாம். மெஷினிலிருந்து நேராக வந்ததாக இருந்தால் அந்தக் காரம் தோலை எரிக்கும்.